ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கும்போது: ஒரு பி.எஃப். கோப்பின் கதை

தனியார் தொழிற்சாலையில் 58 வயதில் ஓய்வு பெறுகிற ஒருவர், கடைசி வருஷத்தில் எந்தக் காகிதத்தை எந்த வரிசையில் சரிசெய்ய வேண்டும் என்பதை ஒரே ஒரு கோப்பை வைத்து எழுதுகிறேன். கம்பெனி கணக்குப் பிரிவில் பல வருஷம் பி.எஃப். வேலை பார்த்தவன் நான். பலருடைய கோப்புகளில் கண்ட சிக்கல்களைச் சேர்த்து ஒரே ஆளின் கோப்பாக இங்கே வைத்திருக்கிறேன். செல்வராஜ் என்பது அதற்காக நான் வைத்த பெயர். ஊர் கோயம்புத்தூர், வேலை ஃபவுண்டரியில். சட்டமும் கணக்கும் 2025 ஜூன் நிலவரப்படி உள்ளவை.

செல்வராஜ் பிறந்தது 1967 ஜூன் 12. முதல் கம்பெனியில் 1999 மார்ச் முதல் 2007 ஆகஸ்ட் வரை எட்டரை வருஷம். நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் பி.எஃப். இல்லாத இடங்களில் வேலை. இரண்டாவது கம்பெனியில் 2008 நவம்பரில் சேர்ந்து, 2025 ஜூன் 30 அன்று ஓய்வு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து கடைசியில் 22,100 ரூபாய். மனைவி, 2000 பிப்ரவரியில் பிறந்த மகள், 2002 செப்டம்பரில் பிறந்த மகன்.

2024 ஜூனில் அவருடைய காகிதங்களை மேசையில் பரப்பியபோது தெரிந்த நிலைமை இது. ஆதாரில் பிறந்த தேதி 01-01-1967. பி.எஃப். பதிவில் 12-06-1967. பெயர் ஆதாரில் 'செல்வராஜ்' மட்டும், பி.எஃப்.இல் 'கே செல்வராஜ்', பேங்க் பாஸ்புக்கில் 'செல்வராஜ் கே', பான் கார்டில் அப்பா பெயரை விரித்து 'கந்தசாமி செல்வராஜ்'. நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதை ஒவ்வொரு அலுவலகமும் தன் படிவத்தின் கட்டத்துக்கு ஏற்றபடி முன்னால் போட்டது, பின்னால் போட்டது, விரித்தது, விட்டுவிட்டது. மனிதக் கண்ணுக்கு நான்கும் ஒரே ஆள். ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிற கணினிக்கு நான்கு ஆள். பி.எஃப். தளத்தில் நாமினேஷன் பக்கம் காலி. பேங்க் விவரத்தில் `SYNB` என்று தொடங்கும் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. முதல் கம்பெனியைப் பற்றி எந்தத் தடயமும் இல்லை.

"அண்ணே, அந்தப் பழைய கம்பெனி பி.எஃப். என்னாச்சு?" என்று கேட்டதற்கு, "அதையெல்லாம் 2008லயே எடுத்துட்டேனுங்க தம்பி, வீட்டுக்குக் கான்கிரீட் போட்டது அந்தக் காசுலதான்" என்றார்.

இந்தப் பதிலோடு பலருடைய கோப்பு மூடப்பட்டுவிடுகிறது. மூடக்கூடாது.

எட்டரை வருஷம் எங்கே போனது

பி.எஃப். என்று நாம் ஒரே சொல்லாகச் சொல்வதில் இரண்டு பைகள் இருக்கின்றன. தொழிலாளி கட்டுகிற 12 சதவீதமும், முதலாளி கட்டுவதில் ஒரு பகுதியும் சேமிப்புப் பைக்குப் போகும். முதலாளி பங்கிலிருந்து 8.33 சதவீதம் இ.பி.எஸ். என்கிற ஓய்வூதியப் பைக்குப் போகும். 2014 செப்டம்பரிலிருந்து அதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 என்பதால், மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் அந்தப் பைக்குள் போகாது. அதற்கு முன்பு உச்சவரம்பு 6,500. மாதம் 541 ரூபாய்.

வேலையை விட்டவர் சேமிப்பை எடுக்கப் படிவம் 19 எழுதுவார். ஓய்வூதியப் பைக்குத் தனியாகப் படிவம் 10சி. அந்த 10சி-யில் இரண்டு வழி உண்டு: பணமாக வாங்கிக்கொள்வது, அல்லது பணம் வேண்டாம், என் சர்வீஸைப் பிற்காலத்துக்கு எழுதி வையுங்கள் என்று ஸ்கீம் சர்டிபிகேட் வாங்குவது. பத்து வருஷத்துக்குக் குறைவான சர்வீஸ் என்றால் இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். பணமாக வாங்கியிருந்தால் அந்த எட்டரை வருஷம் போனது போனதுதான். இல்லையென்றால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

செல்வராஜுக்கு எதில் கையெழுத்துப் போட்டோம் என்பது நினைவில்லை. இது இயல்புதான், எழுதிக் கொடுத்தது கம்பெனி கிளார்க். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி 2008ஆம் வருஷத்துப் பேங்க் பாஸ்புக். பி.எஃப். அலுவலகத்திலிருந்து இரண்டு தொகை வரவாகியிருந்தால் இரண்டு பையும் காலி. ஒரே தொகைதான் வந்திருக்கிறது என்றால், ஓய்வூதியப் பை பெரும்பாலும் தொடப்படாமல் இருக்கும். செல்வராஜின் பாஸ்புக்கில் ஒரு வரவுதான் இருந்தது. வீட்டில் தேடச் சொன்னோம். ரேஷன் கார்டும் நிலப் பத்திரமும் இருந்த தகரப் பெட்டியில், மடிப்பில் கிழியத் தொடங்கிய நிலையில் ஸ்கீம் சர்டிபிகேட் கிடைத்தது. "இது ஏதோ நோட்டீஸுன்னு நெனச்சேனுங்க" என்றார் அவர் மனைவி. அதில் காசு பற்றி ஒன்றும் இல்லாததால் அப்படி நினைத்திருக்கிறார். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பிறந்த தேதி, குடும்பத்தார் பெயர், இவ்வளவுதான் அந்தக் காகிதம்.

அதன் மதிப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இ.பி.எஸ். ஓய்வூதியம் என்பது சம்பளத்தைச் சர்வீஸால் பெருக்கி 70ஆல் வகுப்பது. சம்பளம் என்பது கடைசி 60 மாதச் சராசரி, உச்சவரம்புக்கு உட்பட்டு. ஒரு நுணுக்கம் இருக்கிறது: 2014 ஆகஸ்ட் வரையிலான சர்வீஸுக்கு 6,500 என்ற பழைய வரம்பும், அதற்குப் பிறகு 15,000 என்ற வரம்பும் பொருந்தும். மொத்தச் சர்வீஸையும் 15,000 ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு, வந்த தொகையைக் கண்டு ஏமாந்தவர்கள் நிறைய.

இரண்டாவது கம்பெனி மட்டும் என்று வைத்துக்கொண்டால், பழைய வரம்பில் சுமார் 6 வருஷம், புதிய வரம்பில் சுமார் 11 வருஷம். முதல் பகுதிக்கு 557 ரூபாய், இரண்டாவதற்கு 2,357 ரூபாய். ஆக 2,914. ஸ்கீம் சர்டிபிகேட்டின் எட்டரை வருஷமும் சேர்ந்தால் பழைய வரம்பில் 14 வருஷம் ஆகிறது. அந்தப் பகுதி 1,300 ரூபாயாகிறது. ஆக 3,657. இதோடு நிற்கவில்லை. மொத்தச் சர்வீஸ் 20 வருஷத்தைத் தொட்டால் இரண்டு வருஷம் போனஸாகச் சேர்ப்பார்கள். 17 வருஷத்தில் நின்றிருந்த செல்வராஜுக்கு அது கிடைத்திருக்காது. 25 ஆனதும் கிடைக்கிறது. அதையும் சேர்த்தால் நாலாயிரத்தை ஒட்டி வரும். அலுவலகம் நாள் கணக்கில் போடுவதால் சில ரூபாய் முன்பின் இருக்கும். ஆனாலும் மாதம் ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தை அந்தக் கிழிந்த காகிதம் வைத்திருந்தது. அவருக்குப் பின் மனைவிக்குப் போகும் ஓய்வூதியம் இதில் பாதி என்பதால், அங்கேயும் இந்த வித்தியாசம் தொடரும்.

சர்டிபிகேட் தொலைந்திருந்தால்? பழைய பி.எஃப். எண் தெரிந்தால் போதும், அந்தப் பகுதி பி.எஃப். அலுவலகத்தில் எழுதிக் கேட்கலாம். பழைய சம்பளச் சீட்டிலோ வருடாந்தரப் பி.எஃப். சீட்டிலோ அந்த எண் இருக்கும். பழைய கம்பெனிப் பணத்தை எடுக்காமலே விட்டவர்களுக்கு வேலை வேறு: தளத்தில் `One Member – One EPF Account (Transfer Request)` வழியாகப் பழைய கணக்கை இப்போதைய கணக்குக்கு மாற்ற வேண்டும். `Service History` பக்கத்தில் நாம் வேலை பார்த்த எல்லாக் கம்பெனியும், சேர்ந்த தேதி, விலகிய தேதியோடு வருகிறதா என்று பார்ப்பதுதான் கடைசி வருஷத்தின் முதல் வேலை. பழைய கம்பெனி மூடிப்போயிருந்தால் இதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஒரு வருஷம் முன்னாலேயே தொடங்கச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எந்தப் பிறந்த தேதியை மாற்றுவது

ஆதார் எடுத்த காலத்தில் சான்று கேட்காமல், வாயால் சொன்ன வயதை வைத்து ஜனவரி 1 என்று போட்டவர்கள் ஏராளம். செல்வராஜுக்கும் அப்படித்தான். கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர்கள் ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள்: பி.எஃப்.இல் ஆதார் தேதியையே போட்டுவிடு, எல்லாம் ஒன்றாகிவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம். 1967 ஜனவரி 1 என்றால் 58 வயது 2024 டிசம்பரோடு முடிகிறது. இ.பி.எஸ். உறுப்பினர் நிலை அன்றோடு முடியும். 2025 ஜனவரியிலிருந்து கம்பெனி ஓய்வூதியப் பைக்குக் கட்டியதெல்லாம் கட்டியிருக்கக் கூடாத பணமாகிவிடும். அதைச் சேமிப்புப் பைக்குத் திருப்பும் வரை கோப்பு நகராது. கம்பெனியும் தன் பதிவைப் பார்த்து, ஐந்தாறு மாதம் முன்பே உனக்கு ஓய்வு என்று சொல்ல இடம் கிடைக்கும். அரை வருஷச் சம்பளம் போகும். ஸ்கீம் சர்டிபிகேட்டில் உள்ள தேதியோடும் முரண்படும்.

எது உண்மையோ, எதற்கு அசல் சான்று இருக்கிறதோ, அதை நட்டுவைத்து மற்றதை அதன் பக்கம் இழுக்க வேண்டும். செல்வராஜிடம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தது, அதில் 12-06-1967. எனவே மாற வேண்டியது ஆதார். ஆதாரில் பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள். ஆகவே அசல் சான்றோடு போய், சேர்க்கை மையத்தில் திரையில் தட்டியதை நாமே ஒரு முறை வாசித்துச் சரிபார்த்த பிறகே ஒப்புதல் கொடுக்க வேண்டும். பிறந்த தேதிக்கு ஆதாரே சான்று என்ற நிலையும் இப்போது பி.எஃப். அலுவலகத்தில் இல்லை, 2024 ஜனவரியில் அந்தப் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டார்கள். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று போன்றவைதான் செல்லும்.

அதே முறையில் பெயரையும் தீர்த்தோம். ஆதாரில் இனிஷியலைச் சேர்த்துப் பி.எஃப்.இல் உள்ளபடி ஆக்கினோம். பிறகு பேங்க். பான் கார்டை அந்த வரிசையின் கடைசியில் வைத்தோம். மாற்றங்களை ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் தொடங்கினால், ஒன்று இன்னொன்றின் பழைய நகலைச் சான்றாகக் கேட்டு ஒன்றையொன்று தடுக்கும். ஆதார் புதுப்பித்து வந்த பின்புதான் அடுத்த இடத்தைத் தொட வேண்டும். பி.எஃப். பதிவையே திருத்த வேண்டியவர்களுக்குக் கூட்டு உறுதிமொழி என்ற ஒன்று உண்டு. உறுப்பினர் தளத்தில் விண்ணப்பித்து, கம்பெனி ஒப்புதல் தந்து, அலுவலகத்துக்குப் போகும். வேலையில் இருக்கும்போது கம்பெனி ஒப்புதல் வாங்குவது ஒரு நாள் வேலை. ஓய்வு பெற்றபின் அதே கையெழுத்துக்கு வாசலில் நிற்க வேண்டும்.

மையத்துக்குப் போன அதே நாளில் விரல் ரேகையையும் புதுப்பிக்கச் சொன்னேன். ஃபவுண்டரியில் மணலோடும் இரும்போடும் முப்பது வருஷம் உழைத்த கை. ரேகை தேய்ந்து, ரேஷன் கடைக் கருவியே அவரைப் பல முறை திருப்பி அனுப்பியிருந்தது. ஆதாரோடு இணைந்த செல்பேசி எண்ணும் மகன் முன்பு வைத்திருந்த, இப்போது உயிரில்லாத எண். அதை மாற்றாவிட்டால் ஓ.டி.பி. வராது, ஓ.டி.பி. வராவிட்டால் இனி சொல்லப்போகும் எதுவும் நடக்காது.

நாமினேஷன்: மூன்று இடம், மூன்று சட்டம்

செல்வராஜ் 1999 மார்ச்சில் முதல் கம்பெனியில் சேர்ந்தபோது கல்யாணம் ஆகவில்லை. பி.எஃப். நாமினேஷனுக்கான படிவம் 2-இல் தம்பி பெயரைப் போட்டிருந்தார். அந்த வருஷமே கல்யாணம். 2003இல் ஒரு கூட்டுறவு வங்கியில் நிரந்தர வைப்பு போட்டபோதும், பழக்கத்தில் அதே தம்பி. 2008இல் இரண்டாவது கம்பெனியில் கிராஜுட்டிக்கான படிவம் எஃப்-இல் அம்மா பெயர். அம்மா பிறகு காலமாகிவிட்டார்.

இந்த மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். பி.எஃப். திட்டத்தில் கல்யாணத்துக்கு முன் செய்த நாமினேஷன், கல்யாணம் ஆனதும் தானாகச் செல்லாததாகிவிடும். குடும்பம் இருக்கும்போது குடும்பத்துக்கு வெளியே யாரையும் நியமிக்க முடியாது. கூடப் பிறந்தவர்கள் அந்தக் குடும்ப வரையறைக்குள் வருவதில்லை. ஆக, தம்பி பெயர் 1999லேயே ரத்து. ஆனால் புதிதாக யாரையும் போடாததால் இடம் காலி. கிராஜுட்டியில், சார்ந்திருக்கும் அம்மாவை நியமித்தது சட்டப்படி சரிதான். நியமனதாரர் இறந்துவிட்டதால் அந்த இடமும் காலி. பேங்க் வைப்பில் கதை வேறு. அங்கே கல்யாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் நாமினேஷன் தானாக மாறாது. 2003இல் எழுதிய தம்பி 2024லும் தம்பிதான். செல்வராஜுக்கு ஏதாவது ஆகியிருந்தால் பேங்க் அந்தத் தம்பியிடம்தான் பணத்தைக் கொடுக்கும். அவர் வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே என்று சட்டம் சொல்லும். ஆனால் அதை அவரிடமிருந்து வாங்குவது மனைவியின் பாடு.

பேங்க் வைப்பை ஒரு கையெழுத்தில் மாற்றிவிட்டார்கள். அவர் ஓய்வு பெற்ற பிறகு, 2025 நவம்பர் 1 முதல் பேங்க் வைப்புக்கு நான்கு பேர் வரை, பங்கைப் பிரித்து நியமிக்கலாம் என்று வந்திருக்கிறது. செல்வராஜ் மாற்றியது அதற்கு முன்பு என்பதால் மனைவி ஒருவர் பெயரே. கிராஜுட்டிக்குப் புதிய படிவம் எஃப், இரண்டு சாட்சி, கம்பெனி பெற்றுக்கொண்டதற்கான நகல். நகல் இல்லாமல் கொடுக்க வேண்டாம்.

பி.எஃப். தளத்தின் `E-Nomination` பக்கம்தான் நேரம் பிடித்தது. அதில் நுழைய முதலில் உறுப்பினரின் படம் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். முகம் பெரிதாக, இரண்டு காதும் தெரியும்படி. குடும்பத்தார் ஒவ்வொருவரின் ஆதார் எண், பிறந்த தேதி, படம் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். மனைவியின் ஆதாரில் கல்யாணத்துக்கு முந்திய இனிஷியல், அதாவது அவருடைய அப்பா எழுத்து இருந்தது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்து பிசகாமல் நாமினேஷனிலும் பென்ஷன் படிவத்திலும் வர வேண்டும், அவ்வளவுதான். "எம்பட பேருக்கு முன்னால உங்க எழுத்துதானே வரோணும்?" என்று அவர் கணவரிடம் கேட்டார். வீட்டில் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்; படிவத்தில் ஆதார்படி.

பங்கு சதவீதம் போட்டுச் சேமித்த பிறகு, இ.பி.எஸ். பகுதியையும் நிரப்பி, கடைசியில் ஆதார் ஓ.டி.பி. வைத்து மின் கையொப்பம் இட வேண்டும். நிறையப் பேர் சேமித்ததோடு முடிந்தது என்று வெளியே வந்துவிடுகிறார்கள். கையொப்பம் ஆகாத நாமினேஷன் நாமினேஷனே இல்லை. மறுநாள் திரும்ப உள்ளே போய், கையொப்பம் ஆன பி.டி.எஃப். இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் அவர் பி.எஃப். குடும்பத்தில் உண்டு; விடத் தேவையில்லை. இ.பி.எஸ்.இல் பிள்ளைகளுக்கான ஓய்வூதியம் 25 வயது வரைதான்.

பேங்க் கணக்கு

அவருடைய சம்பளக் கணக்கு முன்பு சிண்டிகேட் பேங்க்கில் இருந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று அது கனரா பேங்க்கோடு இணைந்தது. 2021 ஜூலையிலிருந்து பழைய `SYNB` குறியீடுகள் செல்லாது. சம்பளம் கம்பெனியிலிருந்து புதிய குறியீட்டுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. பி.எஃப். தளம் மட்டும் பழையதையே வைத்திருந்தது. அப்படியே விட்டால் விண்ணப்பம் ஏற்கப்பட்டு, தொகை அனுப்பப்பட்டு, பேங்க்கிலிருந்து திரும்பிப் போயிருக்கும். தளத்தின் கே.ஒய்.சி. பகுதியில் புதிய குறியீட்டோடு அதே கணக்கு எண்ணை மறுபடி சேர்த்து ஒப்புதல் வாங்கினோம்.

அது சம்பளக் கணக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். சம்பளம் நின்றால் பேங்க் அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றும். குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் பிடித்தம் தொடங்கலாம். கிளை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி, எந்த வகைக் கணக்காக மாறும் என்று கேட்டு வைத்துக்கொண்டார். ஓய்வூதியத்துக்காக ஊர் மாறவோ குறிப்பிட்ட கிளைக்குப் போகவோ இனி தேவையில்லை. 2025 ஜனவரியிலிருந்து இ.பி.எஸ். ஓய்வூதியம் மையப்படுத்தப்பட்ட முறையில் நாட்டின் எந்தப் பேங்க் கிளைக்கும் வருகிறது.

கடைசி மூன்று மாதம்

2025 ஏப்ரலில் கோப்பில் இருந்தவை: புதுப்பித்த ஆதார் தம்பதி இருவருக்கும், பான், எஸ்.எஸ்.எல்.சி. நகல், ஸ்கீம் சர்டிபிகேட் அசலும் இரண்டு நகலும், மகனுடைய பிறப்புச் சான்று, தம்பதி சேர்ந்து எடுத்த படம், பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை, கையொப்பமான நாமினேஷன் நகல், படிவம் எஃப் நகல்.

கிராஜுட்டிக்குப் படிவம் ஐ. ஓய்வு நாள் தெரிந்த விஷயம் என்பதால் முப்பது நாள் முன்பே கொடுக்கலாம். மே கடைசியில் கொடுத்தார். 15 நாள் சம்பளம் என்று சொல்வார்கள். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்குவது. 22,100க்கு 12,750. சர்வீஸ் 16 வருஷம் 8 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் 17. ஆக 2,16,750 ரூபாய். முதலில் கம்பெனித் தாளில் 16 வருஷம் என்று போட்டிருந்தார்கள். ஓய்வுக்குப் பிறகு பார்த்திருந்தால் சண்டை, முன்னால் பார்த்ததால் ஒரு திருத்தம். முப்பது நாளுக்குள் தர வேண்டும். தாண்டினால் வட்டி உண்டு.

ஜூன் 12 அன்று 58. அன்றிலிருந்து இ.பி.எஸ். பங்களிப்பு நிற்க வேண்டும், ஜூன் 30 வரை வேலை இருந்தாலும். இதைக் கணக்குப் பிரிவுக்கு மே மாதமே எழுதிக் கொடுத்தோம். 60 வரை வேலை கொடுக்கிற கம்பெனிகளில் இது அதிகம் தவறுகிறது: யாரும் நிறுத்தச் சொல்லாததால் இரண்டு வருஷமும் 1,250 போய்க்கொண்டே இருக்கும், பென்ஷன் விண்ணப்பம் போட்ட பிறகுதான் தெரியும். 58 ஆனவர், வேலையில் இருந்துகொண்டே ஓய்வூதியம் கேட்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. சேமிப்புப் பைக்கான படிவம் 19 மட்டும் வேலையை விட்ட பிறகு.

அதற்குக் கம்பெனி, விலகிய தேதியையும் காரணத்தையும் தளத்தில் ஏற்ற வேண்டும். காரணம் ஓய்வு என்று இருக்க வேண்டும். அவசரத்தில் வேலையை விட்டவர்களுக்குரிய `CESSATION` தட்டப்பட்டால், வயது முதிர்ந்து ஓய்வு பெறுகிறவருக்குத் தேவையில்லாத இரண்டு மாதக் காத்திருப்பு வந்து சேரும். செல்வராஜ் ஜூலை முதல் வாரத்தில் `Service History` பார்த்து, தேதி 30-06-2025 என்றும் காரணம் சரி என்றும் உறுதி செய்த பிறகே படிவம் 19 போட்டார்.

ஓய்வூதியத்துக்கான 10டி-யை இணையத்திலும் போடலாம். அசல் ஸ்கீம் சர்டிபிகேட்டை இணைக்க வேண்டியிருந்ததால் கம்பெனி வழியாகக் காகிதத்திலேயே போட்டோம். அந்தப் படிவத்தில் கையில் ஸ்கீம் சர்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. அதைக் காலியாக விட்டால் எட்டரை வருஷம் மறுபடி தகரப் பெட்டிக்குள் போனது போலத்தான். மகனுக்கு 22 வயது என்பதால் அவர் பெயரும் பிறந்த தேதியும் குடும்பப் பட்டியலில் போனது. மகளுக்கு 25 முடிந்திருந்தது. விண்ணப்பம் முறையாக இருந்தால் 20 நாளில் முடிக்க வேண்டும் என்பது அலுவலகத்தின் விதி.

பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, சர்வீஸ் வரியை. 17 என்று இருந்தால் சர்டிபிகேட்டைக் கணக்கில் எடுக்கவில்லை என்று பொருள். உடனே எழுத வேண்டும். செல்வராஜுக்கு இரண்டு சர்வீஸும் ஏறியிருந்தன, ஓய்வூதியத் தொடக்கம் 2025 ஜூன் 12 என்று இருந்தது. மனைவி பெயரில் ஆதாரில் உள்ள அதே இனிஷியல்.

பி.பி.ஓ. நகல் ஒன்று மனைவியிடமும் இன்னொன்று மகளிடமும் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை உயிர்வாழ்ச் சான்று தர வேண்டும், இ.பி.எஸ்.க்கு நவம்பர் என்ற கட்டாயம் இல்லை, எந்த மாதம் தந்தாலும் அன்றிலிருந்து ஒரு வருஷம் செல்லும். ரேகை பிடிக்காதவர்கள் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே தரலாம். செல்வராஜ் அதையும் மகன் செல்பேசியில் ஒரு முறை செய்து பார்த்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்தால் பிடிக்கிறது.